ஆறு படம் அடங்குகிறதே என்று சந்தோஷப்பட்ட கணக்கு வாத்தியாரின் வாக்குமூலம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் காபி குடிக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். ஆனால் வரும் மாதங்களில் பாஸ்போர்ட், விசா, பரீட்சை விண்ணப்பம் என்று யாராவது உங்கள் வீட்டில் போட்டோ ஒட்டப் போகிறார்கள் என்றால் கட்டாயம் படியுங்கள். போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டைக்கு இது என் பதிலும்கூட. "பெரியப்பா, ஒரு மில்லிமீட்டரை எல்லாம் யாரு ஸ்கேல் வெச்சுப் பாக்கறாங்க?" என்று என் தம்பி மகன் கேட்டான். அதற்குப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பார்க்கிறார்கள், ஐயா. ஸ்கேல் வைத்துத்தான் பார்க்கிறார்கள். நான் கண்ணால் கண்டவன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் முதல் குற்றவாளி நானே.

என் தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அவள் குழந்தைக்கு அங்கே பிறந்த குடியுரிமை. பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்ததால் இங்கேயே புதுப்பிக்க நாள் வாங்கியிருந்தாள். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குப் படம் நம் ஊர் அளவு இல்லை. 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், சரிசதுரம். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 35-க்கு மேல் போகக்கூடாது. "மாமா, நீங்கதான் கம்ப்யூட்டர்ல நல்லாப் பண்ணுவீங்களே, ஒரு ஷீட் ரெடி பண்ணிக் குடுங்க" என்றாள். பெருமையில் நெஞ்சு ஒரு சுற்று பெரிதானது.

கடையில் கிடைக்கும் சாதாரண போட்டோ பேப்பர் 4-க்கு 6 அங்குலம். இரண்டு இரண்டாக வைத்தால் நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, ஆக மொத்தம் ஆறு படம். மிச்சம் பூஜ்யம்! முப்பத்தோரு வருஷம் மீதியுள்ள வகுத்தலும் மீதியற்ற வகுத்தலும் நடத்தியவனுக்கு இதைவிட அழகான கணக்கு வேறென்ன வேண்டும்? ஆறையும் இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டி, பென்டிரைவில் போட்டு, நம் பேட்டையிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் என் பழைய மாணவர். (பெயர் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் சொல்லாதீர்கள்.) அவர் பளபளவென்று ஓரம் தெரியாமல் பிரிண்ட் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

விண்ணப்பம் வாங்கிய இடத்தில் அந்தப் பெண்மணி படத்தின் மேல் ஓர் அளவுச் சட்டத்தை வைத்துப் பார்த்தார். தலை பெரிதாக இருக்கிறது, வேறு படம் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் செய்தது சரி. அடுத்த நாள் கிடைத்த தேதி, அவர்கள் ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு வந்தது. டிக்கெட் மாற்றினார்கள். என் தங்கை மகள் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று ராத்திரி மிச்சமிருந்த ஐந்து படங்களையும், திரும்பி வந்த ஒன்றையும் மேஜையில் பரப்பி ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். அப்போதுதான் தூக்கிவாரிப்போட்டது. ஆறும் ஒரே அளவில் இல்லை. ஷீட்டின் நடுவில் இருந்த இரண்டும் 52 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம். நான்கு மூலைகளில் இருந்தவை சரியாக 50. இருக்க வேண்டியதோ 50.8. கம்ப்யூட்டரில் 34.5 மில்லிமீட்டர் இருந்த குழந்தையின் தலை, காகிதத்தில் 35.5.

எப்படி நடந்தது? 'ஓரமில்லா பிரிண்ட்' என்பதுதான் காரணம். பிரிண்டர் திரையில் அதற்கு `Borderless` என்று பெயர். காகிதம் உருளையில் நுழையும்போது இம்மி அளவு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரும். அதனால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடக்கூடாது என்பதற்காக, அந்த மெஷின் நம்மைக் கேட்காமலே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, காகிதத்துக்கு வெளியேயும் மையைத் தெளிக்கிறது. கல்யாணப் படத்துக்கு இது வசதி, ஓரத்தில் ஒரு வாழைமரம் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் ஷீட்டை அது 3 சதவீதம் பெரிதாக்கியிருந்தது. 50.8 என்பது 52.3 ஆனது. 152.4 மில்லிமீட்டர் நீள ஷீட் 157 ஆகி, இடது பக்கம் 2.3, வலது பக்கம் 2.3 வெளியே போய்விட்டது. ஆக நடுப் படம் பருத்தது. மூலைப் படத்தில் முகம் பருத்தது, ஆனால் ஓரம் தேய்ந்தது. எல்லாவற்றிலும் தலை வரம்பை மீறியது.

மிச்சம் பூஜ்யம் என்று நான் கொண்டாடியதுதான் தப்பு. மீதியில்லாமல் வகுபடும் ஷீட்டில் மெஷின் தவறுவதற்கும் இடமில்லை, கை தவறுவதற்கும் இடமில்லை.

கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெட்டுவது அடுத்த கூத்து. இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி இல்லையென்றால் ஒரே கோடுதான் இருவருக்கும் எல்லை. கத்தி அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு படம் குறையும், பக்கத்துப் படத்தில் இவருடைய சட்டைத் தோள் ஒரு கீற்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் பின்னணி வெள்ளை. தோளுக்கு மேலே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று வெட்டுகிற மனிதருக்கே தெரியாது. குத்துமதிப்பாக வெட்டுகிறார். உங்கள் பர்ஸில் இருக்கும் பழைய பாஸ்போர்ட் படத்தை எடுத்துப் பாருங்கள், நாலு மூலையும் செங்கோணமாக இருக்கிறதா?

நம் சிந்தாதிரிப்பேட்டைக்கே இது தெரிந்த விஷயம். 1734-இல் கவர்னர் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்த உண்டான ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே பெயர்க் காரணம் என்பார்கள். தறியில் ஒரே பாவில் அடுத்தடுத்து இரண்டு புடவை நெய்கிறவர், முதல் புடவை முடிந்ததும் ஒட்டினாற்போல் அடுத்ததைத் தொடங்க மாட்டார். நடுவில் கொஞ்சம் பாவு நூலை நெய்யாமல் வெறுமனே விடுவார். கத்தி அங்கேதான் விழ வேண்டும். நூல் வீணாகிறதே என்று எந்தத் தறிக்காரரும் அழுததில்லை. காகிதத்துக்கு மட்டும் நாம் அழுகிறோம்.

சரி, அமெரிக்கப் படத்துக்கு என்னதான் வழி? ஷீட்டை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 5-க்கு 7 அங்குல போட்டோ பேப்பர் கடைகளில் கிடைக்கிறது. அதில் அதே ஆறு படத்தை வைத்தால் இரண்டு பக்கமும் தலா ஓர் அங்குலம் மிச்சம் வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் விட்டேன். அப்படியும் நீளவாட்டில் ஓரத்துக்கு 8.7, அகலவாட்டில் 10.7 மில்லிமீட்டர் நின்றது. அந்த ஓரத்தில் ஒவ்வொரு படத்தின் விளிம்புக்கும் நேராக, படத்தைத் தொடாமல், மெல்லிய வெட்டுக்குறி போட்டேன். ஸ்கேலை இந்தக் குறியிலிருந்து எதிர்க் குறிக்கு வைத்து பிளேடை இழுத்தால் முடிந்தது. 4-க்கு 6 பேப்பர்தான் இருக்கிறது என்றால் நடுவில் பக்கம் பக்கமாக இரண்டே இரண்டு படம் வையுங்கள். பாதிக்கு மேல் வெள்ளையாகப் போகும், போகட்டும். விண்ணப்பத்துக்குத் தேவை ஒன்றோ இரண்டோதானே. ஆறு எடுத்து மிச்சத்தை என்ன, கொலுவில் வைக்கப் போகிறோமா?

இப்போது நம் ஊர் அளவுக்கு வருகிறேன். 35-க்கு 45 மில்லிமீட்டர். (வேடிக்கை என்னவென்றால், இங்கே பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் பெரியவர்களுக்கு அவர்களே உட்கார வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். 'பாஸ்போர்ட் சைஸ்' படத்தை பாஸ்போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நாம் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.) இந்த அளவுக்கு 4-க்கு 6 பேப்பர் பொருத்தமானது. பேப்பரைப் படுக்கவாட்டில் வையுங்கள். நீளம் 152.4. நான்கு படத்துக்கு 140 போக 12.4 மிச்சம். படங்களுக்கு நடுவே மூன்று சந்து, ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர். மீதி 6.4, பக்கத்துக்கு 3.2. உயரம் 101.6. இரண்டு வரிசைக்கு 90 போக 11.6. நடுச் சந்துக்கு 4, மேலும் கீழும் 3.8. ஆக எட்டுப் படம், ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சுற்றி மூச்சு விட இடம். கம்ப்யூட்டரில் செய்கிறவர்களுக்கு: ஷீட் 1800-க்கு 1200 பிக்சல், ஒரு படம் 413-க்கு 531, அங்குலத்துக்கு 300 புள்ளி.

இந்த எட்டில்தான் எனக்கும் கடைகளுக்கும் சண்டை. "சார், ஒன்பது போட்டுத் தரேன், அதே ரேட்டு" என்கிறார்கள். ஒன்பது எப்படி வரும்? பேப்பரை நிமிர்த்தி, மூன்று வரிசையில் மும்மூன்று. 101.6-ஐ மூன்றால் வகுத்தால் 33.9 தான் வருகிறது. 35 எங்கே? அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பக்கவாட்டில் வெட்டிவிடுவது, தோள் போய்விடும். இன்னொன்று, படத்தை அகலத்தில் மட்டும் அமுக்குவது. இரண்டாவது மகா பாவம். 35-க்கு 45 என்பது 7-க்கு 9 விகிதம். ஒரு பக்கத்தை மட்டும் அமுக்கினால் விகிதம் கெட்டு முகம் நீண்டுபோகும். நம் உறவில் ஒரு பையனின் ஹால் டிக்கெட்டில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பாட்டியே "யாருடா இது, சாப்பாடு போடலியா?" என்று கேட்டாள். மாணவர்களே, விகிதசமம் நடத்தும்போது "இதெல்லாம் வாழ்க்கையில எங்க சார் வரப்போகுது" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். இங்கே வருகிறது, தம்பி.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. "சார், ஒட்டி வெச்சா குறுக்கே அஞ்சு வெட்டு. கேப் விட்டா எட்டு வெட்டு. ஸ்கூல் தொறக்குற நேரத்துல வாசல்ல இருபது பேர் நிப்பாங்க. ஒரு ஷீட்டுக்கு எனக்கு என்ன நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். உண்மைதான். சந்து விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இடது வலது இரண்டு வெட்டும் தனித்தனி. அவர் நேரம் போகிறது. அதற்கு என் பதில் ஒன்றே: அந்த மூன்று வெட்டுக்கும் காசு கேளுங்கள், நாங்கள் தருகிறோம். பத்து ரூபாய் கூடக் கொடுக்க யோசிக்கிற நாம்தான் அவரை ஒன்பதுக்குத் தள்ளினோம். 'எத்தனை வரும்' என்றுதான் கேட்கிறோமே ஒழிய, 'என்ன அளவு' என்று நம்மில் ஒருவர் கேட்டதுண்டா?

வெள்ளைப் பின்னணிக்கு எல்லை தெரியவில்லையே என்று சில கடைகளில் ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் தடித்த கறுப்புக் கட்டம் போட்டுவிடுகிறார்கள். அதுவும் வேண்டாம். கோட்டுக்கு வெளியே வெட்டினால் படத்தில் இரங்கல் அறிவிப்பு மாதிரி கறுப்புச் சட்டம் நிற்கும். உள்ளே வெட்டினால் அளவு குறையும். சந்து 2 மில்லிமீட்டர்தான் என்கிறபோது, படத்தின் விளிம்புக்கு வெளியே முடி அளவு சாம்பல் கோடு போட்டு, அதன் உள் ஓரத்தில் வெட்டினால் போதும். வெட்டும் வரிசையும் முக்கியம். முதலில் நடுச் சந்தில் வெட்டி ஷீட்டை இரண்டு நீளப் பட்டையாக்குங்கள், பட்டையின் மேலோரத்தையும் கீழோரத்தையும் சரிசெய்யுங்கள், அதற்கப்புறம் தனித்தனிப் படமாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஆகாது. அது நேர்கோட்டில் போவதாக நினைத்துக்கொண்டு வளைந்து போகும்.

கடைசியாக, பிரிண்ட் கொடுக்கும் இடம். எவ்வளவு ஒழுங்காக ஷீட் செய்தாலும் இங்கே ஒரு தட்டில் எல்லாம் போய்விடும். `Borderless` பெரிதாக்கும் என்று சொன்னேன். அதற்குப் பயந்து ஓரம் வைத்து பிரிண்ட் கொடுத்தால், `Fit to page` என்ற இன்னொரு புண்ணியவான் உட்கார்ந்திருப்பார். அவர் முழு ஷீட்டையும் ஓரத்துக்குள் அடக்கச் சுருக்குவார். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ஓரம் விடுகிற பிரிண்டரில் 35 என்பது 33 ஆகிவிடும், 45 என்பது 42 ஆகிவிடும். நமக்கு வேண்டியது இரண்டுமல்ல. ஓரம் உண்டு, அளவு மாறக்கூடாது. `Actual size` அல்லது `100%`. நான் சொன்ன எட்டுப் பட அமைப்பில் படங்கள் 3.2 மில்லிமீட்டருக்கு உள்ளேதான் தொடங்குகின்றன, அதனால் அந்த ஓரத்தில் இவை அடிபடாது. உங்கள் பிரிண்டர் அதைவிட அதிகம் ஓரம் விட்டால் அடம் பிடிக்காதீர்கள், ஆறு படமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது பிக்சலைக் குறைத்துவிடும். பிடிஎஃப் ஆக்கி, டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இத்தனையும் சரியாக நடந்ததா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு சின்ன உபாயம் வைத்திருக்கிறேன். அந்த 4 மில்லிமீட்டர் நடுச் சந்தில் சரியாக 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்துவிடுகிறேன். பிரிண்ட் கையில் வந்ததும் படத்தைப் பார்ப்பதில்லை, முதலில் கோட்டின் மேல் ஸ்கேல் வைக்கிறேன். 50 இருந்தால் வெட்டலாம். 51.5 இருந்தால் மெஷின் 3 சதவீதம் பெரிதாக்கியிருக்கிறது. 47 இருந்தால் சுருக்கியிருக்கிறது. ஒரு கோடு சொல்லிவிடும், முகத்தை அளக்கவே வேண்டாம். வெட்டும்போது கோடு சந்தோடு குப்பைக்குப் போய்விடும்.

இரண்டாவது முறை குழந்தைக்குப் படம் போட்டபோது அதே கடைக்குத்தான் போனேன். 5-க்கு 7 பேப்பர், ஆறு படம், ஓரத்தில் கோடு. பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்தேன், 51.5. என் மாணவர் முகம் மாறிவிட்டது. பழக்க தோஷத்தில் `Borderless` தட்டிவிட்டார். அந்த ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அவரே மறுபடி போட்டார். 50. அவரே ஸ்கேல் வாங்கி அளந்தார். தலைக்கு இந்த முறை நான் 31 தான் வைத்திருந்தேன், இரண்டு பக்கமும் தவறுவதற்கு இடம் இருக்கட்டும் என்று. போன இடத்தில் ஒரு கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு ஷீட்டுக்கும் காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றவரை வகுப்பில் அதட்டுகிற மாதிரி அதட்டி வாங்க வைத்தேன்.

தம்பி மகனே, உன் சிரிப்புப் பொம்மைக்கு இதுதான் பதில். நீயும் அடுத்த மாதம் விசாவுக்குப் படம் எடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்கு மே தினப் பூங்காவுக்கு வந்துவிட்டு பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். வெட்டிய படத்தைக் கொண்டு வா. ஸ்கேல் மேஜை மேலேயே இருக்கிறது.